மேடைப் பேச்சைச் செய்தியாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மணி நேரம் பேசினார். நோட்டில் பதினைந்து பக்கம் இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

நோட்டை மூடிவைத்துவிட்டுத் தொடங்குங்கள். கூட்டத்துக்கு வராத சக நிருபர் ஒருவர் "என்ன பேசினார்?" என்று கேட்டால் ஒரே மூச்சில் என்ன சொல்வீர்களோ, அதை ஒரு வரியில் எழுதுங்கள். பெரும்பாலும் அதுதான் லீட், அதாவது செய்தியின் தொடக்க வரி. அந்த வரி "நிறைய பேசினார், கல்வியைப் பற்றி, வேலையைப் பற்றி" என்று இழுத்தால் உங்களுக்கு இன்னும் செய்தி பிடிபடவில்லை என்று பொருள். அப்போது நோட்டைத் திறக்கலாம்.

திறக்கும்போது ஒரு முறை முழுவதும் படித்து, ஓரத்தில் மூன்று வகைக் குறி மட்டும் போடுங்கள்: நேற்றுவரை யாருக்கும் தெரியாதது, அவர் சொற்களிலேயே போட வேண்டியது, சரிபார்க்க வேண்டியது. எந்தக் குறியும் விழாத பக்கங்கள்தான் அதிகமாக இருக்கும். அதில் பதற்றம் வேண்டாம்.

பேச்சு தொடங்கிய இடத்தில் செய்தியைத் தொடங்குவதுதான் பெரும்பாலான காப்பிகள், அதாவது நிருபர் எழுதிக் கொடுக்கும் செய்திப் பிரதிகள், கெட்டுப்போகும் இடம். பேச்சாளர் அவைக்கு வணக்கம் சொல்லி, பழைய கதை சொல்லி, சூழலை விளக்கி, கடைசியில்தான் விஷயத்துக்கு வருவார். அவருக்கு அந்த வரிசை தேவை. கேட்பவர்களைத் தயார்செய்ய வேண்டும். வாசகர் தயாராகக் காத்திருப்பதில்லை. அதனால் குறிப்பு எடுக்கும்போதே ஒவ்வொரு முக்கிய வரிக்கும் பக்கத்தில் ஒலிப்பதிவின் நிமிடத்தை எழுதிவையுங்கள். 52ஆவது நிமிடத்தில் சொன்னது முதல் பத்திக்குப் போகும்போது, திரும்பிப் போய்க் கேட்டுச் சரிபார்க்க அது வேண்டும்.

எது லீட், எது லீட் இல்லை என்பதை ஒரு உண்மையான பேச்சை வைத்துக் காட்ட முடியுமா?

1947 ஜூன் 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பேசியதை எடுத்துக்கொள்வோம். பிறகு மார்ஷல் திட்டம் என்று பெயர் பெற்ற ஐரோப்பிய மீட்பு உதவிக்கு வித்திட்ட பேச்சு அது. பயிற்சிக்கு இதைவிட நல்லது கிடைப்பது கடினம். பேச்சு சிறியது, கால் மணி நேரம்கூட இல்லை. அவர் பெரிய பேச்சாளரும் இல்லை; தாளைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் வாசித்தார். எந்தத் தொகையையும் அறிவிக்கவில்லை, திட்டத்துக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. ஆனாலும் உள்ளே செய்தி இருந்தது.

பேச்சின் அமைப்பு இதுதான். உலக நிலைமை மிக மோசமாக இருக்கிறது என்று தொடங்குகிறார். போர் ஐரோப்பாவின் பொருளாதாரக் கட்டமைப்பையே குலைத்துவிட்டது என்கிறார். விவசாயி விளைந்ததை நகரத்துக்கு விற்க முன்வராததையும், ஏனென்றால் நகரத்தில் அவன் வாங்கப் பொருள் இல்லை என்பதையும் விரிவாக விளக்குகிறார். அடுத்த மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஐரோப்பாவின் தேவை அதன் வாங்கும் சக்தியை மிஞ்சி நிற்கிறது என்கிறார். பிறகு, அமெரிக்கக் கொள்கை எந்த நாட்டுக்கும் எதிரானதல்ல, பசிக்கும் வறுமைக்கும் எதிரானது என்கிறார். மீட்சியைத் தடுக்கும் அரசுகளுக்கு உதவி கிடைக்காது என்று எச்சரிக்கிறார். கடைசிப் பகுதியில்தான், திட்டத்தை ஐரோப்பிய நாடுகளே கூடி வகுக்க வேண்டும், அதற்கு அமெரிக்கா துணை நிற்கும் என்கிறார்.

இதற்கு வரக்கூடிய லீடுகளைப் பார்ப்போம்.

"ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த விழாவில் வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் கலந்துகொண்டு உரையாற்றினார்." இது விழாவைப் பற்றிய செய்தி. அவர் வாயே திறக்காமல் இறங்கிவந்திருந்தாலும் ஏறக்குறைய இதே வாக்கியம் பொருந்தும்.

"உலக நிலைமை மிக மோசமாக இருப்பதாக மார்ஷல் கூறினார்." பேச்சின் முதல் வரி. 1947இல் அது தெரியாதவர் யாரும் இல்லை.

"ஐரோப்பாவுக்குப் பெரும் நிதியுதவியை அமெரிக்கா அறிவித்தது." விறுவிறுப்பாக இருக்கிறது, ஆனால் பொய். அவர் எதையும் அறிவிக்கவில்லை. பின்னாளில் 1948 ஏப்ரலில் சட்டம் வந்தது, கோடிக்கணக்கான டாலர் போனது என்பதெல்லாம் நமக்குத் தெரிவதால் இந்த வாக்கியம் நியாயமாகத் தோன்றுகிறது. அன்று மாலை எழுதும் நிருபருக்கு அது தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் கூடாது.

"மீட்சியைத் தடுக்கும் அரசுகளுக்கு உதவி கிடையாது: மார்ஷல் எச்சரிக்கை." இது பொய்யல்ல, அவர் சொன்னதுதான். மோதல் இருப்பதால் கை தானாக இதை நோக்கிப் போகும். ஆனால் உதவியே இன்னும் இல்லாதபோது, அது யாருக்குக் கிடையாது என்பது இரண்டாவது செய்திதான்.

இனி நான் போடும் காப்பி:

*ஐரோப்பிய நாடுகள் ஒன்றுகூடித் தங்கள் பொருளாதார மீட்புக்கான கூட்டுத் திட்டத்தை வகுத்தால், அதற்கு இயன்ற அளவு அமெரிக்கா துணை நிற்கும் என்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜார்ஜ் மார்ஷல் வியாழக்கிழமை கூறினார்.*

*அப்படியொரு திட்டத்தை அமெரிக்க அரசு தன்னிச்சையாக வகுப்பது பொருத்தமாகவும் இருக்காது, பலனும் தராது என்றார் அவர். "இது ஐரோப்பியர்களின் வேலை. முன்முயற்சி ஐரோப்பாவிலிருந்துதான் வர வேண்டும் என்று நினைக்கிறேன்."*

*எவ்வளவு தொகை, எப்போதிலிருந்து என்பதை மார்ஷல் கூறவில்லை.*

*அடுத்த மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு ஐரோப்பாவுக்கு வேண்டிய உணவும் பிற அத்தியாவசியப் பொருள்களும் அதன் வாங்கும் சக்தியைவிட மிக அதிகம் என்றும், கணிசமான கூடுதல் உதவி கிடைக்காவிட்டால் கடுமையான பொருளாதார, சமூக, அரசியல் சீரழிவை அது சந்திக்க நேரிடும் என்றும் அவர் கூறினார்.*

*"எங்கள் கொள்கை எந்த நாட்டுக்கோ கோட்பாட்டுக்கோ எதிரானதல்ல, பசி, வறுமை, விரக்தி, குழப்பம் ஆகியவற்றுக்கே எதிரானது" என்ற மார்ஷல், பிற நாடுகளின் மீட்சியைத் தடுக்க முயலும் எந்த அரசும் அமெரிக்க உதவியை எதிர்பார்க்க முடியாது என்றும் எச்சரித்தார்.*

*ஹார்வர்ட் பல்கலைக்கழகம் தமக்குக் கௌரவப் பட்டம் வழங்கிய நாளில், அங்கு அவர் இவ்வாறு பேசினார்.*

லீடில் "இயன்ற அளவு" என்ற இரண்டு சொற்களைக் கவனியுங்கள். மார்ஷல் தம் வாக்கியத்தின் வாலில், நடைமுறையில் இயலும் வரை என்று ஒரு நிபந்தனையை ஒட்டிவைத்திருந்தார். லீடைச் சுருக்கும்போது முதலில் பலியாவது இப்படிப்பட்ட வால்தான். அதை வெட்டினால் வாக்குறுதி பெரிதாகிவிடும். மேற்கோளின் முடிவில் உள்ள "என்று நினைக்கிறேன்" என்பதும் அப்படித்தான். அது வெறும் மரியாதைச் சொல்லாகவே இருக்கலாம், ஆனால் அதை எடுத்துவிடும் உரிமை மேற்கோள் குறிக்குள் நமக்கு இல்லை.

விவசாயி, நகரம் என்ற நீண்ட விளக்கம் காப்பியில் இல்லை. பேச்சில் அதற்குத்தான் நிறைய இடம் போனது. பேச்சில் எடுத்துக்கொண்ட நேரத்துக்கும் செய்தியில் பெறும் இடத்துக்கும் தொடர்பு இல்லை என்பதற்கு இதுவே சான்று. இடம் இருந்தால் நான்காம் பத்திக்குப் பின் ஒரே வாக்கியமாக அதைச் சேர்க்கலாம்.

இந்தப் பேச்சின் செய்தி எது என்பதைச் சரியாகப் பிடித்தவர்களில் முக்கியமானவர் பிபிசியின் வாஷிங்டன் நிருபர் லெனர்ட் மியால். அமெரிக்க அதிகாரி டீன் அச்சிசன் பேச்சுக்குச் சில நாள் முன்பே பிரிட்டிஷ் நிருபர்கள் சிலரிடம் அதைப் பற்றிக் கோடிகாட்டியிருந்தார். மியாலின் வானொலி உரையைக் கேட்ட பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் எர்னஸ்ட் பெவின் உடனே காரியத்தில் இறங்கினார். அடுத்த மாதமே 16 ஐரோப்பிய நாடுகள் பாரிஸில் கூடின. பந்து தன் பக்கம் இருக்கிறது என்பதைப் பெவினுக்குச் சொன்னது பசியும் வறுமையும் பற்றிய அழகான வரி அல்ல, முன்முயற்சி ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும் என்ற சாதாரண வரிதான்.

கைதட்டல் அதிகம் வாங்கிய வரியை லீடாக வைத்தால் என்ன?

கைதட்டல் கூட்டத்துக்குப் பிடித்ததைக் காட்டுகிறது. புதியது எது என்பதைக் காட்டுவதில்லை. பெரும்பாலும் கூட்டம் கைதட்டுவது ஏற்கெனவே தான் நம்பியதை மேடையில் கேட்கும்போதுதான். அந்த வரி மேற்கோளாக இரண்டாம், மூன்றாம் பத்தியில் நன்றாக உட்காரும்.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் "எனக்கொரு கனவு உண்டு" என்று பேசினார். அந்தப் பேச்சில் புள்ளிவிவரமோ அறிவிப்போ இல்லை. வழக்கமான அளவுகோலில் "புதிய தகவல்" ஏதும் இல்லை. மறுநாள் வாஷிங்டன் போஸ்ட் இதழின் முதன்மைச் செய்தியில் கிங்கின் பெயரே இல்லை. அன்று அந்த இதழின் இளம் நிருபராக இருந்த ராபர்ட் கைசர், ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே இதழில் இதை எழுதினார். கலவரம் வெடிக்கும் என்று எதிர்பார்த்து அதற்காகவே ஆயத்தமாக இருந்தார்களாம், வந்தது வேறொன்று. அதே நாளில் நியூயார்க் டைம்ஸில் ஜேம்ஸ் ரெஸ்டன் கிங்கின் அந்தச் சொற்களை முன்னிறுத்தி எழுதினார். இரண்டு இதழ்களின் ஆட்களும் ஒரே திடலில்தான் நின்றார்கள்.

எனவே கூட்டம் எந்த வரியில் அசைந்தது, எப்படி அசைந்தது என்பதையும் நோட்டில் குறியுங்கள். வழக்கமான ஆரவாரத்தையும், கூட்டமே ஒரு கணம் மாறிப்போவதையும் நேரில் நிற்பவர் பிரித்தறிய முடியும். இரண்டாவது நடந்தால் அதுவே செய்தி, புதிய தகவல் இருக்கிறதா என்று தேட வேண்டாம்.

பேச்சின் அச்சுப் பிரதியை முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். அதை வைத்தே எழுதிவிடலாமா?

எழுதிவைக்கலாம். அனுப்பக்கூடாது. கிங் அன்று கையில் வைத்திருந்த உரையில் கனவு பற்றிய பகுதி இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே தாளை விட்டு விலகினார். தாளை மட்டும் வைத்து எழுதியவருக்கு அந்த நாளின் முக்கியமான பகுதியே கிடைத்திருக்காது.

அச்சுப் பிரதி கையில் இருந்தால் பென்சிலோடு உட்கார்ந்து, அவர் வாசிக்க வாசிக்க வரிவரியாகத் தொடருங்கள். தாண்டிப்போன வரியை அடியுங்கள், சேர்த்ததை ஓரத்தில் எழுதுங்கள். தாளில் இருந்து வாய்க்கு வராத வரி சில நேரம் நல்ல செய்தி: அச்சிட்ட பிறகு யாரோ மனம் மாறியிருக்கிறார்கள். ஆனால் அதை "அவர் கூறினார்" என்று எழுத முடியாது. "வழங்கப்பட்ட உரையில் இருந்த இந்தப் பகுதியை அவர் வாசிக்கவில்லை" என்று எழுதலாம். ஏன் என்று அவரது அலுவலகத்தைக் கேட்ட பிறகு எழுதுவது இன்னும் நல்லது.

எந்த வாக்கியத்தை அப்படியே மேற்கோளாகப் போடுவது, எதை நம் சொற்களில் சொல்வது?

தகவலை நம் சொற்களில் சொல்லுங்கள். நிலைப்பாட்டையும் உணர்ச்சியையும் அவர் சொற்களில் விடுங்கள். "இத்திட்டம் மார்ச் மாதம் தொடங்கும்" என்பதை மேற்கோளாகப் போடுவது வீண். யார் சொன்னாலும் அந்த வாக்கியம் அப்படித்தான் இருக்கும். "மார்ச்சில் தொடங்காவிட்டால் நான் இந்த நாற்காலியில் இருக்க மாட்டேன்" என்பதை நம் சொற்களில் மாற்றினால் அதன் உயிர் போய்விடும். அதோடு அது நாளை அவரைக் கேள்வி கேட்க உதவும் வாக்கியம். சொல் பிசகாமல் பதிவாக வேண்டும்.

நான் வைத்திருக்கும் சோதனை இது. மேற்கோள் குறியை எடுத்துவிட்டு அந்த வரியை என் வாக்கியமாகவே படித்துப் பார்ப்பேன். எந்த வேறுபாடும் தெரியவில்லை என்றால் அது மேற்கோளாக இருக்க வேண்டியதில்லை. "அதை நான் எழுத முடியாதே, அவர்தான் சொல்ல முடியும்" என்று தோன்றினால் குறியைத் திரும்பப் போடுவேன்.

நான்கு பத்திச் செய்திக்கு இரண்டு மேற்கோள் போதும். லீடுக்கு அடுத்து வரும் மேற்கோள் லீடுக்குச் சாட்சி சொல்ல வேண்டும். லீடில் ஒன்றைச் சொல்லிவிட்டு, அடுத்த பத்தியில் வேறு விஷயம் பற்றிய சுவையான மேற்கோளைப் போட்டால், வாசகருக்கு லீடின் மேலேயே சந்தேகம் வரும். லீடுக்குச் சாட்சியாக ஒரு வரிகூட நோட்டில் கிடைக்கவில்லையா? அப்படியானால் லீட் உங்கள் ஊகமாக இருக்கலாம். அதைத்தான் மறுபடி பார்க்க வேண்டும்.

ஒரே மேற்கோளில் இரண்டு இடங்களில் சொன்னதைத் தைக்காதீர்கள். 10ஆவது நிமிடத்து வாக்கியமும் 40ஆவது நிமிடத்து வாக்கியமும் தனித்தனி மேற்கோள்கள். நடுவில் "பின்னர் அவர்" என்று வந்தாக வேண்டும். ஒட்டிவைத்தால் ஒன்று மற்றதற்குக் காரணம்போல ஆகிவிடும், அவர் அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார்.

அவர் பேச்சுவழக்கில் பேசினார். எழுத்துத் தமிழுக்கு மாற்றினால் அது இன்னும் மேற்கோள்தானா?

தமிழ்ச் செய்தியில் தினமும் வரும் சிக்கல் இது. ஒலியை மாற்றலாம், சொல்லை மாற்றக்கூடாது என்பது நான் கடைப்பிடிக்கும் எல்லை. ஒருவர் "நாங்க அப்பவே சொல்லிட்டோம், யாரும் கேக்கல" என்றார் என்று வைத்துக்கொள்வோம். "நாங்கள் அப்போதே சொல்லிவிட்டோம், யாரும் கேட்கவில்லை" என்று எழுதினால் மேற்கோள் குறி நிற்கும். சொற்கள் அவருடையவை, வரிசை அவருடையது, விகுதிகள் மட்டும் நேராகியிருக்கின்றன. "எங்களது எச்சரிக்கை புறக்கணிக்கப்பட்டது" என்று எழுதினால் மேற்கோள் குறியை எடுத்தாக வேண்டும். பொருள் ஏறக்குறைய அதேதான், ஆனால் ஒரு மனிதரின் அலுப்பு அறிக்கையாக மாறிவிட்டது.

வழக்குச் சொல்லிலேயே குத்தல் இருந்தால் அதை அப்படியே விடுங்கள். எல்லாரையும் எழுத்து நடைக்கு மாற்றிவிட்டு, ஒருவரை மட்டும் கொச்சையாக விட்டுவைப்பதும் கூடாது. அது அவரைக் கேலிசெய்வதாகவே முடியும். ஒரே செய்தியில் அமைச்சருக்கு இலக்கணத் தமிழும் எதிர்த்துக் கேட்ட பெண்ணுக்குப் பேச்சுத் தமிழும் கொடுத்த காப்பிகளை நான் டெஸ்கில் பலமுறை திருத்தியிருக்கிறேன்.

வேற்றுமொழிப் பேச்சாக இருந்தால் எந்த மொழியில் பேசினார் என்பதை ஓரிடத்தில் சொல்லிவிடுங்கள். சர்ச்சைக்கு இடமுள்ள சொல்லாக இருந்தால் மேற்கோள் வேண்டாம், நம் சொற்களில் விளக்குவதே பாதுகாப்பு.

"அவர் பேசியதாவது:" என்று போட்டுக் கீழே எல்லாவற்றையும் எழுதினால் வேலை எளிதாகிறதே?

நிருபருக்கு எளிது, வாசகருக்கு அல்ல. "பேசியதாவது" என்பதற்குக் கீழே வரும் ஆறு பத்திகளில் எது அவர் வாயிலிருந்து வந்தது, எது நிருபர் சுருக்கியது என்று தெரியாது. எல்லாமே "நான்", "நாங்கள்" என்று அவர் குரலில் இருக்கும், ஆனால் மேற்கோள் குறி இருக்காது. நாளை அவர் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று மறுத்தால், அந்த வரி சுருக்கமா நேர்ப்பேச்சா என்று எழுதியவருக்கே தெரியாமல் போகும்.

இன்னொரு கெடுதலும் உண்டு. அந்த வடிவத்துக்குள் நுழைந்துவிட்டால் வெளியே வர முடியாது. அவர் சொன்ன எண் தவறு என்றோ, அவர் குறிப்பிட்ட சட்டம் எப்போது வந்தது என்றோ இடையில் சொல்ல இடமே இருக்காது, ஏனென்றால் பேசுவது அவர். செய்தி முழுவதும் அவருடைய மேடையாகவே நீண்டுவிடும். முழு உரையையும் தனியாக வெளியிடும்போது மட்டும் அந்த வடிவம் சரி.

ஒவ்வொரு வாக்கியமும் "கூறினார்" என்று முடிகிறது. வேறு சொல் போடலாமா?

"கூறினார்" பத்து முறை வந்தாலும் வாசகர் கவனிக்க மாட்டார். ஆனால் இடம் மாறி விழுந்த ஒரு "சுட்டிக்காட்டினார்" செய்தியையே சாய்த்துவிடும். அவர் சொன்னது உண்மை என்று நாமே ஒத்துக்கொண்டதாக அது ஆகிறது. "ஒப்புக்கொண்டார்" என்றால் அதுவரை மறைத்தார் என்று பொருள். "உறுதியளித்தார்" என்பது உண்மையிலேயே உறுதி கொடுத்தவருக்கு மட்டும். "பார்க்கலாம், செய்யலாம்" என்றவர் உறுதியளிக்கவில்லை. "குற்றஞ்சாட்டினார்", "மறுத்தார்", "எச்சரித்தார்" எல்லாம் அந்தச் செயல் நடந்திருந்தால் தாராளமாக வரலாம்.

நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவதால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். "முந்தைய நிர்வாகம் கோப்புகளை அழித்து, ஒப்பந்தங்களை மாற்றி, பணத்தைச் சுருட்டியது என்று" என வாசகர் படித்துக்கொண்டே போகிறார். இது யாரோ ஒருவரின் குற்றச்சாட்டு என்பது கடைசிச் சொல்லில்தான் தெரிகிறது. அதற்குள் பாதி நம்பியாயிற்று. சர்ச்சைக்குரிய கூற்றாக இருந்தால் பேசியவர் பெயரை வாக்கியத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். அறிவிப்பு, தேதி போன்ற சாதாரணத் தகவலுக்குப் பெயர் கடைசியில் வந்தாலும் குறையில்லை.

"அவர் பதவி விலக வேண்டும் என்று அவர் கூறினார்" என்பதுபோல இரண்டு "அவர்" வந்தால் ஒருவருக்காவது பெயரைக் கொடுங்கள்.

எதையெல்லாம் விடலாம்? மேடையில் இருந்தவர்கள் பெயரைப் போடாவிட்டால் கோபித்துக்கொள்கிறார்கள்.

தலைமை தாங்கியவர், வரவேற்றவர், நன்றி கூறியவர், முன்வரிசையில் இருந்தவர் என்ற பட்டியல் அமைப்பாளர்களின் நினைவுப் பதிவு. அதைச் செய்தியில் விட்டுவிடலாம். அவர்களில் ஒருவர் இருந்ததே செய்தியாக இருந்தால், உதாரணமாகப் பேச்சாளரை இதுவரை எதிர்த்துவந்தவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், அந்தப் பெயர் மேலே வரும், காரணத்தோடு.

தொடக்கப் புகழுரை, செய்யுள், நகைச்சுவை, எல்லாரும் அறிந்த வரலாறு, முந்தைய கூட்டங்களில் சொன்ன அதே வரிகள் எல்லாம் கவலையில்லாமல் போகட்டும். நன்றாக இருந்தது என்பதற்காகக் குட்டிக்கதை ஒன்றைக் காப்பாற்ற மனம் தவிக்கும். அது அவருடைய முக்கியக் கருத்தைத் தாங்கவில்லை என்றால் அதையும் விடுங்கள்.

விடக்கூடாதவையும் இருக்கின்றன. நிபந்தனைகள்: "நிதி கிடைத்தால்", "நீதிமன்றம் அனுமதித்தால்", மார்ஷலின் "இயன்ற அளவு". அதே பேச்சில் அவரே தம் கூற்றை மட்டுப்படுத்திய வரி. கடுமையான தாக்குதலுக்குப் பின் ஒரு நிமிடம் கழித்து "எல்லாரையும் சொல்லவில்லை" என்றிருந்தால், தாக்குதலைப் போட்டுவிட்டு இதை விடுவது மோசடி. கூட்டத்தில் எழுந்த எதிர்ப்பும் அப்படித்தான். ஒருவர் எழுந்து கேள்வி கேட்டு வெளியேற்றப்பட்டார் என்றால், அவர் கேட்டது என்ன என்பது செய்திக்குள் இருக்க வேண்டும்.

சொல்லாமல் விட்டதும் சில நேரம் உள்ளே வரும். மார்ஷல் காப்பியில் மூன்றாவது பத்தி அதற்குத்தான். வாசகருக்கு அடுத்து எழும் கேள்விக்குப் பேச்சில் பதில் இல்லை என்றால், பதில் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் யாரும் எதிர்பார்க்காத ஒன்றை "அதைப் பற்றி வாய் திறக்கவில்லை" என்று எழுதுவது வம்பு.

புதிதாக ஒன்றுமே சொல்லவில்லை. ஆனாலும் செய்தி கொடுத்தாக வேண்டும் என்கிறார்கள். என்ன செய்ய?

அவர் இதே விஷயத்தைப் பற்றிக் கடைசியாகப் பேசியதை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். போனமுறை "செய்வோம்" என்றவர் இந்தமுறை "பரிசீலிக்கிறோம்" என்றிருந்தால் அது லீட். அங்கேயும் மாற்றம் இல்லை என்றால், மேடையை விட்டு இறங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கிடைத்த பதிலை "கூட்டத்துக்குப் பின் செய்தியாளர்களிடம்" என்று பிரித்து எழுதுங்கள், பேச்சோடு கலக்க வேண்டாம். அதுவும் கிடைக்கவில்லை என்றால் இரண்டு பத்தி எழுதிக் கொடுத்துவிட்டு, இதற்குமேல் இல்லை என்று செய்தி ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள்.

மேடையில் அவர் சொன்ன எண் தவறு என்று தெரிகிறது. நம் வேலை அவர் சொன்னதைப் பதிவுசெய்வது மட்டும்தானே?

தவறான எண்ணை அவர் பெயரில் போட்டுவிட்டால் பொறுப்பு அவருடையது என்று நினைப்பது வசதியானது. ஆனால் வாசகர் மனதில் எண்தான் தங்கும், யார் சொன்னார் என்பது தங்காது. அந்த எண் முக்கியமில்லை என்றால் விட்டுவிடுங்கள். அதுவே சுலபமான வழி. அவருடைய வாதமே அதன்மேல் நிற்கிறது என்றால் எண்ணைப் போட்டு, அடுத்த வாக்கியத்திலேயே அதிகாரபூர்வப் பதிவு என்ன சொல்கிறது என்று போடுங்கள். ஆறு பத்தி தள்ளி அல்ல, அடுத்த வாக்கியத்தில். லீடில் தவறான எண் இருந்தால் திருத்தமும் லீடிலேயே இருக்க வேண்டும். லீட் தாங்காது என்றால் அந்த எண் லீடுக்குத் தகுதியானது அல்ல.

சரிபார்க்க நேரம் இல்லையா? எண்ணை எடுத்துவிட்டு வாதத்தை மட்டும் எழுதுங்கள். சரிபார்த்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

ஒருவரின் பெயரைச் சொல்லி மேடையில் திட்டினார், ஊழல்வாதி என்றார். அப்படியே போடலாமா?

மேடையில் சொல்லப்பட்டது என்பது நமக்குக் கவசம் ஆகாது. அவதூறை எடுத்துச் சொல்பவரும் அவதூறு செய்தவராகவே கருதப்படலாம் என்பது பல நாடுகளின் சட்டத்தில் பொதுவான நிலை. நாடாளுமன்றத்திலும் நீதிமன்றத்திலும் சொல்லப்பட்டதை நேர்மையாக வெளியிடுவதற்குப் பொதுவாகப் பாதுகாப்பு உண்டு. தெருமுனைக் கூட்டத்துக்கு அதே பாதுகாப்பு இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

முதலில், அது குற்றச்சாட்டா வசையா என்று பாருங்கள். வெறும் வசை என்றால் "கடுமையாக விமர்சித்தார்" என்பதோடு நிறுத்தலாம். குறிப்பிட்ட செயலைச் சொல்லும் குற்றச்சாட்டு என்றால், சம்பந்தப்பட்டவரை அழைத்து அவர் பதிலை வாங்குங்கள். அந்தப் பதில் குற்றச்சாட்டுக்கு அருகிலேயே வர வேண்டும். அழைத்தும் கிடைக்கவில்லை என்றால், எத்தனை மணிக்கு எப்படித் தொடர்புகொண்டீர்கள் என்பதை நோட்டில் எழுதிவைத்து, செய்தியை அனுப்பும் முன் செய்தி ஆசிரியரிடம் அந்தப் பத்தியைத் தனியாகக் காட்டிவிடுங்கள். ஒலிப்பதிவையும் அழிக்காதீர்கள். சர்ச்சை எழுந்தால் வழக்கறிஞர் முதலில் கேட்பது அதைத்தான்.